மாதச் சம்பளத்தை 176-ஆல் வகுக்காதீர்கள்

ஆட்குறைப்பு என்றால் வீட்டுக்கு அனுப்புவது என்றுதான் இதுவரை அறிந்திருந்தோம். இப்போது இன்னொரு வழியும் பரவிவருகிறது. ஊழியரை அனுப்புவதில்லை, அவருடைய பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லை மட்டும் மாற்றுகிறார்கள். அதே இருக்கை, அதே மேலாளர், அதே வேலை. ஆனால், அடுத்த மாதத்திலிருந்து அவர் ஊழியர் அல்ல, கன்சல்டன்ட். சம்பளம் கிடையாது, மணிக்கு இவ்வளவு என்று இன்வாய்ஸ் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, ஏறக்குறைய 12,000 பேரை, விடுவிக்கப்போவதாக அறிவித்தபோது சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை முழுவதும் ஒரு நடுக்கம் ஓடியது. அந்த நடுக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் “வேலை போகாது, கான்ட்ராக்ட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்” என்று சொன்னால், அவர் கணக்குப் பார்க்காமல் தலையாட்டிவிடுவார். தனியார் மருத்துவமனை மருத்துவர்கள் இந்த ஏற்பாட்டுக்குப் பழகிப் பல காலம் ஆகிறது. மென்பொருள், வடிவமைப்பு, கணக்கு, பயிற்சித் துறைகளில் இருப்பவர்களுக்கு இது புதிது.

அவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இப்போது மாதம் இவ்வளவு வாங்குகிறேன், மணிக்கு எவ்வளவு கேட்பது?

பெரும்பாலானோர் செய்யும் கணக்கு ஒரு வரியில் முடிந்துவிடும். மாதத்துக்கு 22 வேலைநாள், நாளுக்கு 8 மணி நேரம், ஆக 176 மணி. சம்பளத்தை 176-ஆல் வகுத்தால் மணிக்கணக்கு வந்துவிடும். ஹெச்.ஆர். துறையும் இதே கணக்கைத்தான் போட்டுக்காட்டும். பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். ஆனால், இந்தக் கணக்கில் மேலே இருக்கும் எண்ணும் தவறு, கீழே இருக்கும் எண்ணும் தவறு.

ஓர் ஊழியரின் கணக்கு

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவுக்குத் தலைமை வகிக்கும் பெண். ஆண்டுக்கு 12 லட்சம் சிடிசி. மாதம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் கணக்குப் பிடிபடும்.

இந்த ஒரு லட்சமும் அவர் கைக்கு வருவதில்லை. அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால், அதில் 12 சதவீதமான 6,000 ரூபாயை நிறுவனம் தன் பங்காகப் பி.எஃப். கணக்கில் கட்டுகிறது. பணிக்கொடைக்கு என்று சுமார் 2,400 ரூபாய் ஒதுக்கப்படுகிறது. மீதியிலிருந்து ஊழியரின் பங்காக இன்னொரு 6,000 பி.எஃப்.புக்குப் போகிறது. ஆக, வங்கிக் கணக்கில் விழுவது சுமார் 85,600. 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி இந்த வருமானத்துக்கு வருமானவரி இல்லை.

முதல் சறுக்கல் இங்கேதான். “எனக்கு மாதம் எண்பத்தைந்தாயிரம்தான் வருகிறது” என்று சொல்லிப் பலர் அதையே வகுக்கிறார்கள். மணிக்கு 486 ரூபாய் வருகிறது. ஐந்நூறு கேட்டாலே அதிகம் கேட்டதுபோல ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. ஆனால், கைக்கு வராத அந்த 14,400 ரூபாயும் அவருடைய உழைப்புக்கான கூலிதான். கன்சல்டன்ட் ஆன பிறகு அவருக்காகப் பி.எஃப். கட்ட யாரும் இல்லை. அந்தச் சேமிப்பை அவரே தன் கையிலிருந்து செய்ய வேண்டும். எனவே, வகுக்க வேண்டிய தொகை டேக் ஹோம் அல்ல, சிடிசி முழுவதும்.

அதுவும் போதாது. சிடிசி தாளில் வராத சில செலவுகளை நிறுவனம் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. குடும்பத்துக்கான குழு மருத்துவக் காப்பீடு அதில் பெரியது. நீரிழிவு இருக்கும் பெற்றோரையும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் அந்த பாலிசியின் அருமை, தனியாக பாலிசி எடுக்கப்போகும் அன்றுதான் தெரியும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கான ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கிவிட்டார்கள் என்பது சிறிய ஆறுதல். இதற்கு மேல் லேப்டாப், இணையம், மின்தடைக்கு யுபிஎஸ், மென்பொருள் சந்தா, ஆடிட்டர் கட்டணம், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளக் கட்டும் பணம் எல்லாம் இருக்கின்றன.

நம் ஊழியருக்குக் காப்பீட்டுக்கு 50,000, மற்றவை எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் என்று ஒரு மதிப்பு வைத்துக்கொள்வோம். அவரவர் குடும்பத்துக்கு ஏற்ப இது கூடும், குறையும். ஆக, இன்றைய நிலை அப்படியே தொடர அவர் ஆண்டுக்கு ஈட்ட வேண்டியது 12 லட்சம் அல்ல, பதிமூன்றரை லட்சம்.

எந்த மணியை எண்ணுவது?

மேலே இருக்கும் எண் 12 லட்சத்திலிருந்து பதிமூன்றரை லட்சமாகத்தான் உயர்ந்திருக்கிறது. பெரிய தவறு கீழே இருக்கும் எண்ணில்தான் இருக்கிறது. கன்சல்டன்ட் ஆகப்போகும் ஒருவர் ஒரே ஒரு விஷயத்தில்தான் கவனமாக இருக்க முடியும் என்றால், அவர் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

ஊழியர் வேலை செய்யாத நாளுக்கும் சம்பளம் வாங்குகிறார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சம்பளம் உண்டு. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி, நான்கு தேசிய விடுமுறைகளும் ஐந்து பண்டிகை விடுமுறைகளும் சம்பளத்தோடு தரப்பட வேண்டியவை. அதற்கு மேல் தற்செயல் விடுப்பு, மருத்துவ விடுப்பு, ஈட்டிய விடுப்பு இருக்கின்றன. கன்சல்டன்ட்டுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு வருமானம் பூஜ்யம்.

ஆண்டில் சனி, ஞாயிறு போக சுமார் 260 வேலைநாட்கள். பண்டிகைக்கு 10 நாளையும் மற்ற விடுப்புகளுக்கு 22 நாளையும் கழித்தால் 228 நாள் மிஞ்சும். மாதத்துக்கு 22 நாள் என்று பெருக்கும்போது ஆண்டுக்கு 264 வருகிறது அல்லவா? சனி, ஞாயிறு தவிர ஒரு நாள்கூட ஓய்வில்லை என்று எடுத்துக்கொண்டால்தான் அந்த எண் வரும். கன்சல்டன்ட்டும் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போவார், பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்குப் போவார்.

நாள் கணக்கு முடிந்தது. இனி நாளுக்கு எத்தனை மணி என்று பார்க்க வேண்டும். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் இருக்கிறோம். தேநீர், கணினி மெதுவாகத் திறக்கும் நேரம், யாரோ ஒருவர் தாமதமாக வரும் கூட்டம், கட்டாயப் பயிற்சி எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. யாரும் கழிப்பதில்லை. மணிக்கணக்கில் இன்வாய்ஸ் போடத் தொடங்கியதும் இவற்றை எல்லாம் பணம் தருபவர் பார்க்கத் தொடங்குவார். அதோடு புதிய வேலைகளும் சேரும். இன்வாய்ஸ் எழுதுவது, பணம் வந்ததா என்று விசாரிப்பது, அடுத்த வேலைக்கு விலை சொல்லி அனுப்புவது, அந்த விலைக்குப் பதில் வராமல் காத்திருப்பது. இவற்றில் ஒன்றுக்கும் யாரும் பணம் தரமாட்டார்கள்.

எவ்வளவு குறையும் என்பது ஒப்பந்தத்தின் தன்மையைப் பொறுத்தது. ஒரே நிறுவனத்துக்கு ஆண்டு முழுவதும் வேலை என்றால் நாளுக்கு ஏழரை மணி நேரத்துக்குக் கணக்குக் காட்டலாம். 228 நாளுக்கு 1,710 மணி. பதிமூன்றரை லட்சத்தை அதால் வகுத்தால் 789 ரூபாய் வருகிறது. 800 என்று வைத்துக்கொள்ளலாம்.

பல நிறுவனங்களுக்குச் சிறு சிறு வேலையாகச் செய்பவர் என்றால் ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே சும்மா இருக்கும் நாட்கள் வரும். ஆண்டுக்கு 20 நாள் என்று வைத்தால் 208 நாள் மிஞ்சும். நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் பணம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஏறக்குறைய 1,250 மணி. அப்போது மணிக்கு 1,080 ரூபாய் கேட்டால்தான் இன்றைய நிலை தொடரும்.

சம்பளத்தை 176-ஆல் வகுத்தபோது வந்தது 568 ரூபாய். ஒரே ஆள், ஒரே வேலை, ஒரே வாழ்க்கைத்தரம். உண்மையான விலை 568 அல்ல, 800 முதல் 1,080 வரை. இதில் லாபம் என்று ஒரு பைசா இல்லை. எந்த நேரமும் வேலை நிற்கலாம் என்ற ஆபத்துக்கு ஈடாகவும் எதுவும் சேர்க்கவில்லை. இது நஷ்டப்படாமல் இருப்பதற்கான விலை மட்டுமே. இதற்கு மேல் பத்துப் பதினைந்து சதவீதம் வைத்துத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

பேனா இல்லாமல் மனக்கணக்காகப் போட ஒரு குறுக்குவழியும் உண்டு. சிறு சிறு வேலைகள் என்றால் ஆண்டு சிடிசியை ஆயிரத்தால் வகுங்கள். நீண்ட ஒப்பந்தம் என்றால் ஆயிரத்து ஐந்நூறால் வகுங்கள். 12 லட்சத்துக்கு 1,200, 800 என்று வரும். தோராயமான கணக்குதான். ஆனால், 176-ஐவிட உண்மைக்கு எவ்வளவோ பக்கத்தில் இருக்கும்.

இப்போது அந்த நிறுவனம் நம் ஊழியரிடம் “மணிக்கு 650 தருகிறோம், உங்கள் சம்பளத்தைவிட 14 சதவீதம் அதிகம்” என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். 1,710 மணிக்கு 650 என்றால் 11 லட்சத்து 11 ஆயிரத்து 500 ரூபாய். அதில் ஒன்றரை லட்சம் அவர் கைச்செலவு. மிஞ்சுவது 9 லட்சத்து 61 ஆயிரம். 12 லட்சத்தோடு ஒப்பிட்டால் 20 சதவீதம் குறைவு. சம்பள உயர்வு என்று கைகுலுக்கிச் சொன்னது உண்மையில் சம்பள வெட்டு.

வரி மிச்சம் என்ற தூண்டில்

இந்த இடத்தில் ஹெச்.ஆர். தரப்பிலிருந்து ஒரு வாதம் வரும்: “கன்சல்டன்ட் ஆனால் பாதி வருமானத்துக்குத்தான் வரி.” இதில் உண்மை இருக்கிறது. பொறியியல், தகவல் தொழில்நுட்பம், மருத்துவம், சட்டம், கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற குறிப்பிட்ட தொழில்களில் இருப்பவர்கள், செலவுக்கு ரசீது காட்டாமலேயே தங்கள் வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டலாம். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம்வரை இந்தச் சலுகை உண்டு.

சம்பளம் 30 லட்சம் வாங்குபவருக்கு இது பெரிய தொகை. ஊழியராக நான்கே முக்கால் லட்சம் அளவுக்கு வரி கட்டுபவர், அதே 30 லட்சத்தை இந்த முறையில் வாங்கினால் ஒரு லட்சத்துச் சொச்சம் கட்டினால் போதும். ஆனால், நம் ஊழியருக்கு? ஊழியராக இருக்கும்போதே அவருக்கு வரி இல்லை. பூஜ்யத்திலிருந்து மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை. எந்தச் சம்பள நிலையில் இருப்பவருக்கும் இதே வாதத்தைச் சொல்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

அதிகச் சம்பளக்காரர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மேற்சொன்ன தொழில்களின் பட்டியலில் எல்லாத் தொழிலும் இல்லை. மனிதவளம், விற்பனை போன்ற வேலைகளில் இருப்பவர்கள் ஆடிட்டரைக் கேட்காமல் இதை நம்பி இறங்கக் கூடாது. அதேபோல, காலை ஒன்பதுக்கு வருகைப் பதிவு, விடுப்புக்கு மேலாளரின் அனுமதி, வேறு எங்கும் வேலை செய்யத் தடை என்று ஒப்பந்தம் முழுக்க ஊழியருக்குரிய நிபந்தனைகள் இருந்தால், இது சம்பளம்தானே என்று வருமானவரித் துறை கேட்கலாம். மருத்துவமனைகள் தங்கள் கன்சல்டன்ட் மருத்துவர்களுக்குத் தருவது சம்பளமா கட்டணமா என்று பல வழக்குகள் வரித் தீர்ப்பாயங்களுக்குப் போயிருக்கின்றன.

ஜிஎஸ்டியில் ஒரு பொறி இருக்கிறது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவுசெய்தாக வேண்டும்; இன்வாய்ஸில் 18 சதவீதம் சேர்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் “எல்லா வரிகளும் உட்பட” என்று ஒரு வார்த்தை இருந்துவிட்டால் அந்த 18 சதவீதமும் உங்கள் பணத்திலிருந்துதான் போகும். மணிக்கு 1,080 என்று பேசியது 915 ஆகிவிடும். “ஜிஎஸ்டி தனி” என்ற இரண்டு சொற்களை எழுதிவாங்குங்கள். ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் பெரும்பாலான நிறுவனங்கள் அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் என்பதால் மறுக்கக் காரணம் இருக்காது.

பணம் எப்போது வரும்?

மணிக்கணக்கு சரியாகவே அமைந்தாலும் முதல் மூன்று மாதம் வீட்டில் நெருக்கடி வரும். இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஏப்ரல் முதல் தேதி கன்சல்டன்ட் ஆகிறீர்கள். ஏப்ரல் 30 அன்று இன்வாய்ஸ் அனுப்புகிறீர்கள். ஒப்பந்தத்தில் 45 நாள் தவணை. முதல் பணம் கைக்கு வரும்போது ஜூன் பாதி கடந்திருக்கும். இதற்குள் வீட்டுக் கடன் தவணை இரண்டு முறை போயிருக்கும், பள்ளிக் கட்டணமும் வந்திருக்கும். வந்த பணத்திலும் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்திருப்பார்கள். நம் ஊழியர் மணிக்கு 800 வீதம் மாதம் சுமார் 1,14,000-க்கு இன்வாய்ஸ் போட்டால், 11,400 அரசுக்குப் போய்விடும். அவருக்கு வரியே இல்லை என்பதால் அது திரும்பி வரும். ஆனால், அடுத்த ஆண்டு வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்த பிறகுதான் வரும். ஓர் ஆண்டில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் இப்படி முடங்கிக் கிடக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. வரி கட்ட வேண்டி வராது அல்லது குறைவாகவே வரும் என்று காட்டி, குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமானவரித் துறையிடம் விண்ணப்பித்து வாங்கலாம். ஆடிட்டர்கள் இதைத் தாங்களாகச் சொல்வது அரிது, கேட்டால் செய்துதருவார்கள். பிடித்த பணத்தை நிறுவனம் உண்மையிலேயே அரசுக்குக் கட்டியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒரு முறை உங்கள் படிவம் 26ஏஎஸ்-ஐத் திறந்து பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் அங்கேதான் தெரியும்.

பணத்தை இழுத்தடிப்பவர்களுக்கு எதிராகவும் ஒரு சட்டம் துணைக்கு இருக்கிறது. தனியாகத் தொழில் செய்பவரும் ‘உத்யம்’ தளத்தில் ஆதார், பான் எண்ணோடு கட்டணமின்றிக் குறுந்தொழிலாகப் பதிவுசெய்துகொள்ளலாம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, அவருக்கான பணத்தை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டுவட்டி. கெடு தாண்டிய பாக்கியை உண்மையில் செலுத்தும்வரை நிறுவனம் தன் வருமானவரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. கணக்குப் பிரிவு அதிகம் பயப்படுவது வட்டிக்கு அல்ல, இந்தக் கடைசி விதிக்குத்தான். எனவே, இன்வாய்ஸின் தலைப்பிலேயே உத்யம் எண்ணைப் போட்டுவிடுங்கள்.

மணிக்கணக்கில் அடங்காதவை

சில இழப்புகளை எந்த மணிக்கணக்கும் ஈடுகட்டாது. அவை தேதியைப் பொறுத்தவை.

பணிக்கொடையைப் பாருங்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பது விதி. நம் ஊழியரின் அடிப்படைச் சம்பளத்துக்கு ஐந்து ஆண்டுக்கு சுமார் 1,44,000 ரூபாய் வரும். நான்கரை ஆண்டில் ராஜினாமா எழுதிக்கொடுத்து கன்சல்டன்ட் ஆனால் அது மொத்தமும் போய்விடும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பேர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே, மாறுகிற தேதியை மூன்று மாதம் தள்ளிப்போடுவது, மணிக்கு ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்பதைவிட லாபமாக இருக்கலாம்.

பி.எஃப். ஓய்வூதியத்திலும் ஒரு கெடு உண்டு. பத்து ஆண்டு பணிக்காலம் நிறைந்தால்தான் ஓய்வூதியம். எட்டு, ஒன்பது ஆண்டில் நிற்பவர்கள் பணத்தை எடுத்துவிடாமல், பணிக்காலத்தைக் காப்பாற்றிவைக்கும் திட்டச் சான்றிதழை வாங்கிக்கொள்வது நல்லது. பின்னால் எங்காவது ஊழியராகச் சேர்ந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் 7 லட்சம்வரையிலான காப்பீடும் நின்றுவிடும். பலருக்கு அப்படி ஒரு காப்பீடு இருந்ததே தெரியாது.

பெண்களுக்கு இன்னொன்று இருக்கிறது. ஊழியராக இருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. கன்சல்டன்ட்டுக்கு எதுவும் இல்லை. நம் ஊழியருக்கு அது ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகை. குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிடும் ஒருவர் இதை மணிக்கணக்கில் சேர்த்து வாங்கிவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஓர் ஆண்டில் மணிக்கு 300 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கும், யாரும் தரமாட்டார்கள்.

என்ன செய்யலாம்?

மாற்றம் வரப்போகிறது என்று தெரிந்ததுமே, ஊழியராக இருக்கும்போதே இரண்டு வாரம் ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்துவாருங்கள். வெளியாள் ஒருவர் பணம் கொடுக்கச் சம்மதிக்கும் வேலையை எத்தனை மணி நேரம் செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். நாளுக்கு எட்டு என்று நினைத்தவர்கள் ஐந்தரையிலும் ஆறிலும் வந்து நிற்பார்கள். உங்கள் வகுக்கும் எண் அதிலிருந்து வரட்டும். என் கட்டுரையிலிருந்தும் வேண்டாம், ஹெச்.ஆர். தாளிலிருந்தும் வேண்டாம்.

பேச்சில் விலையை முதலில் சொல்லிவிடாதீர்கள். முதலில் மணி நேரத்தைக் கேளுங்கள். மாதத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை மணி உறுதி? பல ஒப்பந்தங்களில் “அதிகபட்சம் 160 மணி” என்று இருக்கும், குறைந்தபட்சம் என்று எதுவும் இருக்காது. வேலை குறைந்த மாதத்தில் 60 மணிக்கு மட்டும் இன்வாய்ஸ் போடச் சொல்வார்கள். குறைந்தபட்சம் 120 மணி என்று எழுதித்தருபவருக்கு 800 சொல்லலாம். எழுதித்தர மறுப்பவருக்கு ஆயிரத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். இரவு பத்து மணிக்கு அமெரிக்க வாடிக்கையாளரோடு பேசும் நேரமும், வேலை வரும் என்று காத்திருக்கச் சொல்லும் நேரமும் கணக்கில் வருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஊழியருக்கு 60 அல்லது 90 நாள் முன்னறிவிப்பு தந்த நிறுவனம் கன்சல்டன்ட்டுக்கு 15 நாள் என்று எழுதும். அதை 30 நாளாகவாவது மாற்றிக் கேளுங்கள்.

ராஜினாமா கடிதத்தில் நிதானம் தேவை. “சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்” என்ற ஆயத்த வாசகத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். சட்டப்படி தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவருக்கு, நிறுவனம் ஆட்குறைப்பு செய்தால் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடாக உண்டு. தானாக விலகியவருக்கு இல்லை. நிறுவனத்தின் வேண்டுகோளின்பேரில் ஒப்பந்த முறைக்கு மாறுவதால் விலகுகிறேன் என்று உண்மைக் காரணத்தை எழுதுங்கள். புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் விடுப்புப் பணமும் பணிக்கொடையும் கணக்கு முடிந்து கைக்கு வரட்டும்.

இன்னொரு வழி இருக்கிறது. அதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. நிறுவனத்துக்குத் தேவை நிரந்தரப் பொறுப்பு இல்லாமல் இருப்பதுதான் என்றால், குறிப்பிட்ட கால ஊழியராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, அப்படி ஒரு குறிப்பிட்ட காலத்துக்குச் சேர்பவருக்கும் நிரந்தர ஊழியருக்கு இணையான சலுகைகள் உண்டு. ஓர் ஆண்டு முடித்தாலே பணிக்கொடையும் உண்டு. நிறுவனம் இதை மறுத்து கன்சல்டன்ட் என்பதில் பிடிவாதமாக இருந்தால், அது மிச்சம் பிடிக்க நினைப்பது உங்கள் பி.எஃப்.பையும் விடுப்பையும்தான் என்று தெரிந்துகொள்ளலாம். அப்போது அந்தப் பணத்தை மணிக்கணக்கில் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. முந்தைய நாள்வரை ஊழியராக இருந்தவரை அதே நிறுவனம் மறுநாள் கன்சல்டன்ட்டாக மாற்றினால், அதைத் தொழிலாளர் துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அந்தப் பெயர் பி.எஃப். பட்டியலிலிருந்து நீங்குவதும், டி.டி.எஸ். கணக்கில் சம்பளத்திலிருந்து கட்டணத்துக்கு மாறுவதும் ஏற்கெனவே அரசின் இரண்டு துறைகளில் பதிவாகின்றன. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் புதிய சட்டம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

நம் ஊழியருக்கு என் பதில் இது: மாதம் ஒரு லட்சத்துக்கு ஈடாக ஒரே நிறுவனத்தில் மணிக்கு 800 ரூபாய், உறுதியான மணி நேரத்தோடு தந்தால் மாறலாம். அதற்குக் கீழே எவ்வளவு சொன்னாலும், அதே வேலையைக் குறைந்த சம்பளத்துக்குப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று பொருள்.